யாரும் போகாத 5.7 மீட்டர்

லிஃப்டுக்குள் ஏறியதும் கண்ணில் படும் பலகை: '6 பேர், 408 கிலோ'. இந்தியத் தர விதிகள் ஓர் ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கு வைத்திருக்கின்றன. ஆறு பேருக்கு 408. அந்தப் பெட்டியின் உள்ளளவு சுமார் 1.1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். ஆனால் அது ஓடுவதற்குக் கட்டிடத்தில் விடவேண்டிய கூண்டு, அதாவது ஷாஃப்ட், 1.9 மீட்டருக்கு 1.7 மீட்டர். பரப்பில் மூன்றில் ஒரு பங்குதான் மனிதர்களுக்கு.

உயரத்திலும் இதே கதைதான். கீழே கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளமும் மேலே நான்கு மாடிகளும் கொண்ட சென்னை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தளத்துக்குத் தளம் 3 மீட்டர் என்றால் லிஃப்ட் ஏறி இறங்கும் தூரம் 12 மீட்டர். ஷாஃப்டின் உயரமோ 17.7 மீட்டர்! ஸ்டில்ட் தரைக்குக் கீழே ஒன்றரை மீட்டர் குழி. நான்காம் மாடித் தரையிலிருந்து மேலே 4.2 மீட்டர். யாரும் பயணம் செய்யாத இந்த 5.7 மீட்டர் ஏறக்குறைய இரண்டு மாடி உயரம். வீடு கட்டுபவர்கள் பலரும் "இதைக் கொஞ்சம் குறைக்கலாமே" என்று கேட்கும் இடம் இதுதான். குறைக்க முடியுமா என்று தெரிய, அந்த வெற்றிடத்தில் யார் யாருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

முதலில், பெட்டியின் கூட்டாளி. கயிற்றின் ஒரு முனையில் பெட்டி தொங்குகிறது. மறுமுனையில் இரும்புப் பாளங்களை அடுக்கிய எதிர் எடை தொங்குகிறது. நம் பெட்டி காலியாக 600 கிலோ என்று வைத்துக்கொண்டால், எதிர் எடையை 804 கிலோவாக வைப்பார்கள். பெட்டியின் எடையோடு முழுச் சுமையில் பாதி, 204 கிலோ, சேர்த்தது அது. இப்போது மூன்று பேர் ஏறினால் இரண்டு பக்கமும் சமம். ஆறு பேர் ஏறினால் பெட்டி 204 கிலோ கூடுதல். யாருமே இல்லாவிட்டால் எதிர் எடை 204 கிலோ கூடுதல். ஆக, மோட்டார் எப்போதும் தூக்கவேண்டியது அதிகபட்சம் அந்த 204 கிலோ மட்டும்தான். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் அதை உயர்த்த 2 கிலோவாட் போதும். பாத்ரூம் கீசர் ஒன்று இழுக்கும் மின்சாரம்தான். உராய்வு, பல்சக்கர இழப்பு எல்லாம் சேர்த்து மூன்று நான்கு கிலோவாட் மோட்டாராகப் போடுவார்கள். இன்னொரு வேடிக்கை: காலிப் பெட்டியின் பிரேக்கைத் தளர்த்தினால் அது கீழே விழாது, மேலே போகும்.

இனி குழிக்கு இறங்குவோம். குழியின் தரையில் பஃபர் நிற்கிறது. வந்து மோதுவதை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் அல்லது ரப்பர் போன்ற மெத்தை அது. கயிறு அறுந்து விழும் பெட்டியைத் தாங்கத்தான் அது இருக்கிறது என்று நினைப்போம். அப்படி இல்லை. 12 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் பெட்டி தரையைத் தொடும்போது மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். எந்தச் சின்ன பஃபரும் அதற்கு ஈடுகொடுக்காது. அந்த ஆபத்துக்கு வேறு காவலாளி உண்டு. கவர்னர் என்ற வேகக் கண்காணிப்புச் சக்கரம், பெட்டி அனுமதிக்கப்பட்ட வேகத்தை மீறியதும் கொக்கி போட்டு, பெட்டியின் அடியிலுள்ள இரும்புத் தாடைகளை இழுத்துவிடும். அவை இருபுறமும் உள்ள கைடு ரெயில்களை, அதாவது பெட்டி வழுக்கிச் செல்லும் தண்டவாளங்களை, கவ்விப் பெட்டியை அங்கேயே நிறுத்தும்.

பஃபரின் வேலை வேறு. கீழ்த்தளத்தில் நிற்கவேண்டிய பெட்டி நிற்காமல் சற்றுக் கூடுதலாக இறங்கிவிட்டால் அதை ஏந்துவது. இதற்கு வழக்கமான வேகத்தை விட 15 விழுக்காடு கூடுதலாக, நொடிக்கு 1.15 மீட்டர் என்று கணக்குப் போடுவார்கள். ஒரு பொருள் வெறும் 6.7 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே அந்த வேகம் வந்துவிடும். அதன் இரு மடங்கு, 13.5 சென்டிமீட்டர், பஃபர் அமுங்கினால் போதும் என்பது விதி. ஒரு சாண் கூட இல்லை!

அப்படியென்றால் ஒன்றரை மீட்டர் குழி எதற்கு? கூட்டிப் பார்ப்போம். பெட்டியின் தரைக்குக் கீழே அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் தாடைகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். கீழ்த்தளத்தில் நிற்கும் பெட்டிக்கும் பஃபருக்கும் நடுவே 15 சென்டிமீட்டர் இடைவெளி. பஃபர் அமுங்க 13.5. பிறகு 50 சென்டிமீட்டர், ஓர் ஆளுக்காக. குழிக்குள் இறங்கி வேலை பார்க்கும் மெக்கானிக்கின் தலைக்கு மேல் பெட்டி வந்துவிட்டால், பஃபர் முழுதும் அமுங்கிய நிலையிலும் அவர் தரையோடு படுத்து உயிர் தப்பவேண்டும். மொத்தம் 1.23 மீட்டருக்கு மேல். குழித் தரையின் பூச்சு, கட்டுமானத்தில் வரும் ஏற்ற இறக்கம் ஆகியவற்றுக்கும் சேர்த்து ஒன்றரை மீட்டர் என்று வரைபடத்தில் எழுதுகிறார்கள். குழியில் அரையடி குறைப்பவர் உண்மையில் குறைப்பது மெக்கானிக்கின் பங்கிலிருந்துதான்.

குழியில் இரண்டாவதாக ஒரு பஃபரும் உண்டு. எதிர் எடை இறங்கும் இடத்துக்கு நேர் கீழே அது நிற்கிறது. பெட்டி மேலே போகும்போது எதிர் எடை கீழே வரும் அல்லவா? நான்காம் மாடியில் நிற்காமல் பெட்டி ஏறிக்கொண்டே போனால், எதிர் எடை அந்த பஃபரில் போய் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்ததும் அந்தப் பக்கக் கயிறு தளர்கிறது. மேலே உள்ள மோட்டார் சக்கரத்தில் கயிறு கட்டப்படவில்லை. பள்ளத்தில் பதிந்து, உராய்வினால் மட்டுமே இழுபடுகிறது. ஒரு பக்கம் தளர்ந்தால் பிடிப்பும் போய்விடும். சக்கரம் சுற்றினாலும் கயிறு வழுக்கும். மோட்டார் எவ்வளவு முரண்டு பிடித்தாலும் பெட்டியைக் கூரையில் கொண்டுபோய் மோதவைக்க முடியாது. மொட்டை மாடிக்கு மேலுள்ள கூரையை, தரைக்கு அடியிலுள்ள ஒரு மெத்தை காப்பாற்றுகிறது.

மேலே விடும் 4.2 மீட்டரின் கணக்கும் இங்கிருந்தே வருகிறது. பெட்டியின் உயரம் கூரையோடு 2.3 மீட்டர். எதிர் எடை பஃபரைத் தொடும் முன் 15 சென்டிமீட்டர், அமுங்குவதற்கு 13.5, அவ்வளவும் பெட்டி கூடுதலாக ஏறும். கயிறு தளர்ந்த பிறகும் ஓடிவந்த வேகத்தில் பெட்டி இன்னும் மூன்றரை சென்டிமீட்டர் எம்பும். அதையும் விடாமல் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு மேல் 1 மீட்டர், பெட்டியின் கூரைமேல் நின்று வேலை செய்யும் ஆள் குந்திக்கொள்ள. இதுவே 3.6 மீட்டரைத் தாண்டிவிடும். பெட்டிக்கு மேலுள்ள குறுக்குச் சட்டம், ஷாஃப்டின் உச்சியிலுள்ள பீம், கொக்கி ஆகியவற்றுக்குப் போக 4.2.

நாளாக ஆக இந்தக் கணக்கைக் கெடுப்பது கயிறு. புதுக் கயிறு கொஞ்சம் கொஞ்சமாக நீளும். நீண்டால் எதிர் எடை பஃபரை நெருங்கும். 15 சென்டிமீட்டர் இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் பெட்டி நான்காம் மாடியை எட்டும் முன்பே எதிர் எடை உட்கார்ந்துவிடும். பராமரிப்புக்கு வருபவர் பெட்டியை உச்சித் தளத்தில் நிறுத்திவிட்டுக் குழியில் இந்த இடைவெளியை அளப்பது அதனால்தான். குறைந்திருந்தால் கயிற்றைச் சிறிது வெட்டிச் சுருக்குவார்.

ஷாஃப்டின் தலையில் மெஷின் ரூம். மோட்டார், கட்டுப்பாட்டுப் பெட்டி, கவர்னர் மூன்றும் அங்கே. இந்த அறை பெரிதாக இருந்ததற்கு ஒரு காரணம் கயிற்றின் பிடிவாதம். எஃகுக் கயிற்றை மிகச் சிறிய சக்கரத்தில் வளைத்தால் அதன் இழைகள் சீக்கிரம் முறியும். ஆகவே சக்கரத்தின் விட்டம் கயிற்றின் விட்டத்தைப் போல் குறைந்தது 40 மடங்கு இருக்கவேண்டும். 13 மில்லிமீட்டர் கயிறு என்றால் சக்கரம் 52 சென்டிமீட்டர். பெரிய சக்கரத்தைச் சுற்றப் பல்சக்கரப் பெட்டி, அதற்கேற்ற மோட்டார், அதற்கேற்ற அறை. கயிற்றை 8 மில்லிமீட்டராக மெலித்தால் சக்கரம் 32 சென்டிமீட்டருக்குச் சுருங்கும். பல்சக்கரமே இல்லாத, நிலைக்காந்தம் கொண்ட தட்டை மோட்டார் போதும். 1996-இல் கோனே நிறுவனம் கொண்டுவந்த மோனோஸ்பேஸ் லிஃப்டில் மோட்டார் ஷாஃப்டின் உச்சிக்குள்ளேயே, கைடு ரெயிலை ஒட்டி உட்கார்ந்தது. மெஷின் ரூம் காணாமல் போனது. ஆனால் மேலே விடும் வெற்றிடம் போகவில்லை. அது மோட்டாருக்காக விடப்பட்டதல்லவே.

அறை வைப்பதாக இருந்தால் இரண்டு எதிரிகள். ஒன்று, வெயில். உள்ளே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக்கூடாது. சென்னையின் மே மாதத்தில் மொட்டை மாடி கான்கிரீட் அறை சும்மாவே அதைத் தொடும். எதிரெதிர்ச் சுவர்களில் காற்றோட்டமும் ஒரு எக்ஸாஸ்ட் விசிறியும் வேண்டும். இரண்டு, தண்ணீர்த் தொட்டி. உயரமான இடம் என்று லிஃப்ட் அறையின் தலையிலேயே தொட்டியை வைப்பது நம்மூர் வழக்கம். அது கசிந்தால் நேராகக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மேல்தான் சொட்டும்.

கீழேயும் தண்ணீர் காத்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது, செங்கல்லில் கட்டிய குழி கிணறாகிவிடும். அதனால் அடித்தளமும் சுவரும் இணைந்த கான்கிரீட் தொட்டியாக வார்த்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் கொடுக்கிறார்கள். நீர் புகாத தொட்டிக்கு இன்னொரு குணம் உண்டு: அது மிதக்கப் பார்க்கும். 20 சென்டிமீட்டர் சுவர், 25 சென்டிமீட்டர் அடித்தளம் என்றால் நம் குழியின் எடை சுமார் 9 டன். சுற்றிலும் தரைமட்டம் வரை நீர் நின்றால் அது மேல்நோக்கித் தள்ளும் விசை 8.4 டன்! மேலே ஷாஃப்ட் சுவர் எழும்பிவிட்டால் கவலையில்லை. குழியை மட்டும் வார்த்துவிட்டு மழைக்காலம் முழுக்க வேலையை நிறுத்தி வைப்பதுதான் ஆபத்து.

ஷாஃப்ட் ஐந்து தளம் எழும்பிய பிறகு, உச்சியிலிருந்து கம்பிகளில் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார்கள். அடைப்புப் பலகை ஒவ்வொரு தளத்திலும் சிறிது நகர்ந்திருக்கும். சுமார் 25 மில்லிமீட்டர் வரை விலகினால், தண்டவாளத்தைத் தாங்கும் இரும்புக் கைகளைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம். மீறினால் கான்கிரீட்டைக் கொத்தவேண்டும், அல்லது சிறிய பெட்டியோடு திருப்திப்பட வேண்டும்.

குழியின் ஆழத்தைத் தவறவிடுவதற்கு எளிய வழி, அதை எங்கிருந்து எதுவரை அளப்பது என்று பேசிக்கொள்ளாமல் இருப்பது. வரைபடத்தின் ஒன்றரை மீட்டர் என்பது டைல்ஸ் ஒட்டி முடித்த தரையிலிருந்து, பூச்சு முடித்த குழித் தரை வரை. குழிக்குள் நீர்த்தடுப்பும் அதன்மேல் காப்புப் பூச்சும் சேர்ந்து 8 சென்டிமீட்டர் ஏறினால், வெட்டும்போதே அந்த 8-ஐச் சேர்த்து வெட்டியிருக்க வேண்டும். ஆகவே லிஃப்ட் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து அவர்களுடைய ஷாஃப்ட் வரைபடத்தை வாங்கவேண்டிய நாள், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முந்தைய நாள். தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி லிஃப்டை நிறுவும் முன் அனுமதியும், ஓட்டும் முன் உரிமமும் பெறவேண்டும். ஆய்வுக்கு வருபவர் குழியில் இறங்கி நாடாவைப் பிடிக்கும்போது குறையும் சென்டிமீட்டர்களை, நான்கு மாடியும் எழும்பிய பிறகு எந்த மேஸ்திரியாலும் தோண்டித் தர முடியாது.