கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே இரண்டு ஆண்டுகள்

நரை மறைக்கும் சாயத்தைக் கைவிட எண்ணும் பெண்மணிகளை அச்சுறுத்துவது நரை அன்று. தலை நடுவே தோன்றும் அந்தக் கோடேயாகும். சாயம் பூசுவதை நிறுத்திய மூன்றாம் மாதத்தில், வகிட்டின் இருமருங்கிலும் இரண்டு விரற்கடை அகலத்துக்கு வெள்ளை தெரியும். அதன் கீழே மையைப் போன்ற கறுப்பு. அந்நிலையில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, மறுநாளே காலி வீதிக் கடையொன்றில் மீண்டும் ஒரு சாயப் பெட்டியை வாங்கி வந்தவர்கள் எத்தனையோ பேர். 2020 மார்ச் மாதத்தில் ஊரடங்கு வந்து சலூன்கள் மூடப்பட்டபோது பலர் தம் சொந்த நரையை முதன்முறையாகக் கண்டனர். கதவு திறந்ததும் பெரும்பாலோர் சாயத்துக்கே திரும்பினர்.

வெள்ளவத்தையில் நமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அவ்வாறு திரும்பாமல், ஈராண்டில் இந்தக் கோட்டைக் கடந்தார். பதினெட்டு ஆண்டுகளாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை கறுப்புச் சாயம் பூசி வந்தவர் அவர். கொண்டை அவருடைய அடையாளம். அதனை இழக்க நேருமோ என்பதே அவருடைய கவலையாக இருந்தது.

முதலில் அவர் நினைத்த வழி, நம்மில் பலரும் நினைப்பதுதான். வெள்ளியின் நிறத்தில் ஒரு சாயத்தை வாங்கிக் கறுப்பின் மேல் பூசிவிட்டால் வேலை முடிந்துவிடாதா? கொட்டாஞ்சேனையில் சலூன் நடத்தும் பெண்மணி சிரித்துக்கொண்டே கூறிய விடை இது: "ரீச்சர், சாயத்தைச் சாயம் வெளுக்காது."

அதன் காரணத்தை அறிந்துகொள்வது நல்லது. நிலையான சாயத்தில் உள்ள அமோனியா மயிரின் மேற்செதில்களைத் திறக்கிறது. உள்ளே புகும் சிறிய நிறத்துணுக்குகள் ஐதரசன் பெரொக்சைட்டுடன் சேர்ந்து பெரியவையாக வளர்ந்து, வெளியே வர இயலாமல் சிக்கிக்கொள்கின்றன. பதினெட்டு ஆண்டுப் பழக்கத்தில் நுனி மயிரில் இத்தகைய பூச்சு பலமுறை ஏறியிருக்கும். இதன் மேல் எத்தனை வெளிர் நிறத்தைப் பூசினாலும் கறுப்பே தெரியும். கறுப்பை இறக்கப் பெரும்பாலும் பிளீச்சையே நாடுவர். அதுவும் நேரே வெள்ளைக்குப் போகாது. கறுப்பு முதலில் கருஞ்சிவப்பாகும், பின்னர் செம்பாகும், பின்னர் செம்மஞ்சள், அதன் பின்னரே மஞ்சள். வெள்ளி நிறம் வேண்டுமாயின் வெளிர்மஞ்சள் வரை செல்ல வேண்டும். அதுவரை தாங்கும் வலு பழஞ்சாய மயிருக்குப் பெரும்பாலும் இராது.

ஆகையால் அவ்வம்மையார் கோட்டை அழிக்க முயலவில்லை, மங்கலாக்கினார். இதனையே கலர் மெல்டிங் என்கின்றனர். ஒரு நிறம் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் புலப்படாதவாறு, நிறங்களை ஒன்றில் ஒன்று உருகவிடும் முறை அது.

நான்காம் மாதத்தில், வெள்ளை ஐந்து சென்ரிமீற்றர் வளர்ந்திருந்தபோது அது நடந்தது. முதலில் பிடரிப்பக்கத்து மயிரில் ஒரு சிறு கற்றையை வெட்டியெடுத்துப் பிளீச்சில் இட்டுப் பார்த்தனர். இச்சோதனையைத் தவிர்க்கவே கூடாது. சில பொடிகளிலும் மலிவான மருதாணிக் கலவைகளிலும் உலோக உப்புகள் இருக்கும். அவை பெரொக்சைட்டைச் சந்தித்தால் கற்றை சூடேறும், நாற்றம் வீசும், சில வேளை புகையும். அவ்வாறானால் அத்துடன் நிறுத்திவிட வேண்டும். இவருடைய கற்றை அமைதியாகச் செம்புநிறம் பூண்டது.

பின்னர் கோட்டுக்குக் கீழே, சாயம் ஏறிய பகுதியில் மட்டும், நூல்போன்ற மெல்லிய கற்றைகளைப் பிரித்து, 6 சதவீதப் பெரொக்சைட்டில் குழைத்த பிளீச்சைத் தடவி, அலுமினியத் தாளில் மடித்தனர். கோட்டின் அருகே கற்றைகள் நெருக்கமாகவும், கீழே செல்லச் செல்ல அரிதாகவும் அமைந்தன. புதிய வெள்ளை மயிரில் பிளீச் படாதபடி மிகுந்த கவனம் காட்டினர். இறக்குவதற்கு நிறமே இல்லாத மயிரை அது வீணே உலர்த்தும். செம்மஞ்சள் வந்ததும் கழுவிவிட்டனர். அதற்குமேல் போக அப்பெண்மணி மறுத்தார்.

ஈரமான நிலையில் மூன்று டோனர்கள் வந்தன. கோட்டின் அருகே வெளிர் சாம்பற் கபிலம், நடுவில் கருஞ்சாம்பற் கபிலம், நுனிக்கருகே கறுப்பை ஒட்டிய கபிலம். செம்மஞ்சளை அடக்குவது நீலம் என்பதால் மூன்றிலும் நீலச்சாயல் இருந்தது. ஒவ்வொன்றையும் அடுத்ததன் எல்லைக்குள் இரண்டு விரற்கடை இழுத்து, விரல்களாலேயே நீவிக் கலந்துவிட்டனர். காலை 9 மணிக்கு அமர்ந்தவர் பிற்பகல் 3 மணிக்கு எழுந்தார். அன்று மாலை அவர் தலையில் வெள்ளையும் இருந்தது, கறுப்பும் இருந்தது, கோடுதான் இல்லை.

ஆனால் அது நிரந்தரமன்று. டோனர் ஏறத்தாழ இருபது முழுக்கில் கரைந்துபோகும். கடற்கரை வெயில் அதனை விரைவுபடுத்தும். ஆறாம் வாரம் செம்பு எட்டிப் பார்க்கும்போது டோனரை மட்டும் புதுப்பித்தால் போதும், மறுபடி பிளீச் வேண்டாம். மயிர் தாங்கவில்லை என்பதை அறிய எளிய வழியுண்டு. நனைந்த மயிர் ஒன்றை மெல்ல இழுத்துப் பாருங்கள். நீண்டு, திரும்பச் சுருங்காமல் பசைபோல் நின்றால், இனி அதில் எந்த மருந்தும் படக்கூடாது. முழுக்குக்கு முன் தேங்காயெண்ணெய் தடவுவது உதவும். மூலிகை கலந்த நிறமுள்ள எண்ணெய்கள் வெள்ளை மயிரில் மஞ்சள் படியச் செய்யலாம். மஞ்சளுக்கு ஊதா ஷாம்பு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு நிமிடம் போதும். நமது அம்மையார் ஆர்வ மிகுதியால் கால்மணி நேரம் வைத்திருந்து, ஒரு வாரம் கத்தரிப்பூ நிறத்துடன் நடமாடினார்.

இத்தனையும் கண்ணுக்கான உபாயமே. சாயத்தை உண்மையில் வெளியேற்றுவது கத்தரிக்கோல்தான். அவருடைய மயிர் தொடக்கத்தில் உச்சியிலிருந்து 45 சென்ரிமீற்றர். மயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் சென்ரிமீற்றர் வளரும். அவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான்கு சென்ரிமீற்றர் வெட்டினார். இடையில் இரண்டரை வளர்வதால் நீளம் ஒவ்வொரு முறையும் ஒன்றரை மட்டுமே குறைந்தது; பார்ப்பவருக்குத் தெரியவில்லை. பன்னிரண்டாவது வெட்டில், இருபத்துநான்காம் மாதத்தில், 48 சென்ரிமீற்றர் போய்ச் சாயம் முழுதும் தீர்ந்தது. எஞ்சியது 27 சென்ரிமீற்றர் தூய நரை. கழுத்தளவே வந்தது, கொண்டைக்குப் போதாது.

கொட்டாஞ்சேனையில் மற்றொரு அம்மையாருக்கு இவ்வழி கிட்டவில்லை. கறுப்பு மருதாணி என்று விற்ற பொடியைப் பூசி, மறுநாள் இமைகள் வீங்கிக் கண் திறக்க முடியாமற் போனவர் அவர். அத்தகைய பொடிகளில் பலவற்றில் பி.பி.டி. எனப்படும் சாயப்பொருள் சேர்க்கப்படுகிறது. அது ஒருவருக்கு ஒவ்வாதெனில், அதன் இனத்தைச் சேர்ந்த பொருள்கள் டோனரிலும் இருக்கக்கூடுமாதலால், கலர் மெல்டிங்கும் ஆபத்தே. தோல் வைத்தியர் தடுத்துவிட்டார். அவர் நான்கு மாதம் தலையில் துணி கட்டிச் சமாளித்து, பின்னர் ஐந்து சென்ரிமீற்றர் அளவுக்கு ஒட்ட வெட்டிக்கொண்டார். ஒரே நாளில் கோடு போயிற்று. கோயிலில் உறவினர் ஒருவர், "என்ன நோய்?" என்று கேட்டாராம். அஜித் குமார் 2011 இல் 'மங்காத்தா'வில் நரைத்த தலையுடன் தோன்றியபோது எவரும் அவ்வாறு கேட்டதாக நாம் அறியோம்!

வெள்ளவத்தை ஆசிரியைக்கு இப்போது எஞ்சியிருப்பது வேறொரு தொல்லை. பழைய சவுரி கறுப்பு. அதை வைத்துக் கொண்டையிட்டால் பிடரியில் அதே கோடு மீண்டும் வந்துவிடுகிறது. தம் நிறத்துக்கு ஏற்ற சவுரியைத் தேடி அலைந்தவர், இன்னும் ஏழெட்டு மாதம் பொறுத்தால் பத்து சென்ரிமீற்றர் வளர்ந்துவிடும் என்று கணக்குப் பார்த்து, கறுப்புச் சவுரியை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.