சர்க்கரை நோயாளிக்கு எம்.சி.ஆர். செருப்பு

எம்.சி.ஆர். என்பது நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர். பாதத்தின் அழுத்தத்தை இது பரவலாக்குகிறது. அடியில் முள் குத்தாத கெட்டி ரப்பரும், ஈரத்தரையில் வழுக்காத ஆழமான வரிகளும் வேண்டும்.

கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில், காகிதத்தின் மேல் நின்று இரு பாதங்களையும் வரைந்துகொள்ளுங்கள். பெரிய பாதத்தின் நீளத்தை அளவு அட்டவணையின் சென்டிமீட்டரோடு ஒப்பிடுங்கள். அகலத்தையும் பாருங்கள், விரலடிப் பகுதி விளிம்புக்கு வெளியே பிதுங்கினால் அகலமான அளவே தேவை.

கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கிய ரப்பர் மீண்டும் எழாவிட்டால் செருப்பை மாற்றிவிடுங்கள். உணர்ச்சி குறைந்த காலுக்கு விரலிடை வார் ஆகாது, பின்வார் அவசியம்.

பாதத்தில் புண்ணோ, வடிவக் கோணலோ உள்ளவர்கள் கடையில் விற்கும் ஆயத்தச் செருப்பைத் தவிர்த்து, மருத்துவரிடம் காட்டி அளவெடுத்துச் செய்துகொள்ளுங்கள்.