‘அவசரம்’: தென்னிந்திய மொழிகளிடையே ஒரு போலி நண்பன்

வடிவால் ஒத்துப் பொருளால் வேறுபடும் பிறமொழிச் சொற்களைப் ‘போலி நண்பர்கள்’ என்று குறித்து, 1928இல் கெஸ்லர், தெரோக்கிஞி என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் நூல் எழுதினர். அவர்கள் ஆராய்ந்தவை ஆங்கில, பிரெஞ்சுச் சொற்கள். இச்சிக்கல் தென்னிந்திய மொழிகளில் எவ்வாறு அமைகிறது என்பதை ‘அவசரம்’ என்னும் ஒரு சொல்லைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

வடமொழியில் இச்சொல் தக்க வேளையையும் வாய்ப்பையும் குறிக்கும். மலையாளம் அப்பொருளையே காத்துள்ளது. தெலுங்கில் அது ‘தேவை’ ஆயிற்று. தமிழிலும் கன்னடத்திலும் ‘விரைவு’ என்னும் பொருளே முதன்மை பெற்றது. வேளை வாய்த்தால் வாய்ப்பு. வேளை வற்புறுத்தினால் தேவை. வேளை குறுகினால் விரைவு எனப் பொருள் கிளைத்திருக்கலாம். ‘ஆபத்து அவசரத்துக்கு உதவுவான்’ என்னும் தமிழ் வழக்கில் தேவைப்பொருளின் சாயல் இன்றும் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் மலையாளச் சிறுகதை ஒன்றை நான் தமிழாக்கினேன். வேலை கேட்டு வந்த இளைஞனிடம் அதிகாரி, ‘இனி அவசரமில்ல’ என்கிறார். ‘இனி அவசரமில்லை’ என்றே எழுதினேன். இனி வாய்ப்பே இல்லை என்று கதவை அடைத்த சொல், பொறுமையாக இருக்கலாம் என்னும் ஆறுதலாகிவிட்டது. அடுத்த பத்தியில் இளைஞன் கண்கலங்கி வெளியேறுவதற்குக் காரணம் விளங்காதபோதுதான் பிழையை உணர்ந்தேன். ஏறத்தாழ இதே தொடரைத் தெலுங்கில் ‘இக அவசரம் லேது’ என்றால், ‘இனித் தேவையில்லை’ என்று பொருள். மூன்றும் இலக்கண வழுவற்றவை. ஆகவே படிப்பவருக்கு ஐயமே எழுவதில்லை.

இத்தகைய பிழையைக் கண்டறிய இரண்டு அடையாளங்கள் உதவும். முதலாவது பன்மை. மலையாளத்தில் ‘அவசரங்ஙள்’ என்றும் தெலுங்கில் ‘அவசராலு’ என்றும் இயல்பாகப் பன்மை வரும். விரைவுப் பொருளில் தமிழ்ச்சொல் பொதுவாகப் பன்மை ஏற்பதில்லை. இரண்டாவது உடன்வரும் வினை. மலையாளத்தில் அவசரம் ‘கிட்டும்’. அதை ஒருவர் மற்றவருக்குக் ‘கொடுக்கலாம்’. தமிழிலோ நாம் அவசரப்படுகிறோம்.

எனினும் நான் தவறிய தொடரில் இவ்விரண்டும் பயன்படா. அங்கே சொல் ஒருமையில் நிற்கிறது. ‘இல்லை’ என்னும் வினையோ இரு மொழிக்கும் பொது. அத்தகைய இடங்களில் பேசுவோர் யார், கேட்டவர் என்ன செய்கிறார் என்னும் சூழலே துணை. அறியாத சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் தாமே நாடுவர். அறிந்ததாகத் தோன்றும் சொல்லுக்கு நாடுவதில்லை. மூலமொழியின் சொந்த அகராதியை, மலையாளமாயின் ‘சப்ததாராவலி’ போன்றதை, அத்தகைய சொற்களுக்கே முதலில் புரட்டுதல் வேண்டும்.