வாட்டர் பர்த்: தண்ணீருக்குள் இறங்க யாருக்கு அனுமதி, எப்போது வெளியேற வேண்டும்?

நடிகை கல்கி கோச்லினுக்கு 2020-ல் 'வாட்டர் பர்த்' முறையில் பெண் குழந்தை பிறந்தது. அப்போது இந்த வார்த்தை இங்கேயும் பரவலாகப் பேசப்பட்டது. தண்ணீருக்குள் பிறந்தால் குழந்தைக்கு மூச்சு முட்டாதா, இது எல்லோருக்கும் சரிப்படுமா என்ற கேள்விகள் இன்றும் கேட்கப்படுகின்றன.

இதற்கான பதில்கள் இங்கிலாந்தில் தெளிவாகக் கிடைக்கின்றன. அங்கே பிரசவத் தொட்டி என்பது வசதியானவர்களுக்கான ஆடம்பரம் அல்ல. அரசின் பொது மருத்துவமனைகளிலேயே இருக்கிறது. சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளின் பிரசவத்தை அங்கே பெரும்பாலும் பயிற்சி பெற்ற மிட்வைஃப்கள்தான் பார்க்கிறார்கள். தொட்டிக்குள் எப்போது இறங்கலாம், எப்போது ஏற வேண்டும் என்பதற்கு விதிமுறைகள் உண்டு.

தண்ணீர் என்ன செய்கிறது?

வாட்டர் பர்த் என்றாலே குழந்தை தண்ணீரில் பிறப்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், இதன் முக்கியப் பயன் அதற்கு முந்தைய மணி நேரங்களில்தான் இருக்கிறது. வயிறு மூழ்கும் அளவுக்கு வெதுவெதுப்பான நீரில் இருக்கும்போது உடல் எடை லேசாகிறது. தசைகளின் இறுக்கம் தளர்கிறது. படுக்கையில் புரளக் கஷ்டப்படும் பெண், தண்ணீரில் மண்டியிடவும் குந்தவும் எளிதாக முடிகிறது. இடுப்புவலி அப்படியே மறைந்துவிடாது, தாங்கிக்கொள்ளும்படி ஆகிறது. முதுகுத்தண்டில் போடும் 'எபிடியூரல்' ஊசியின் தேவை சற்றுக் குறைவதையும் ஆய்வுகள் காட்டுகின்றன.

குழந்தைக்கு மூச்சு முட்டாதா?

கருப்பையில் குழந்தை பனிக்குட நீரில்தான் மிதக்கிறது. அதற்குத் தேவையான ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாக வருகிறது. வெளியே வந்து, முகத்தில் காற்றும் குளிர்ச்சியும் படும்போதுதான் மூச்சிழுக்கும் தூண்டுதல் கிடைக்கிறது. உடல் வெப்பத்தில் இருக்கும் தண்ணீரில், ஆரோக்கியமான குழந்தைக்கு அந்தத் தூண்டுதல் உடனே வருவதில்லை.

அதனால்தான் மிட்வைஃப்கள் இரண்டு விஷயங்களில் கறாராக இருக்கிறார்கள். தலை வெளிவரும்போது தாயின் இடுப்பு முழுவதுமாகத் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், அல்லது முழுவதுமாக வெளியே இருக்க வேண்டும். காற்றுபட்ட முகம் மறுபடி தண்ணீருக்குள் போகக் கூடாது. குழந்தை பிறந்ததும் தாமதிக்காமல் முகத்தை நீருக்கு மேலே கொண்டு வந்து, தாயின் மார்பில் சாய்க்க வேண்டும்.

கருப்பையிலேயே ஆக்சிஜன் குறைந்து தவிக்கும் குழந்தையின் நிலை வேறு. அது தண்ணீருக்குள்ளேயே மூச்சை இழுத்துவிடக்கூடும். அதனால்தான் இதயத்துடிப்பைக் கண்காணிப்பது இங்கே உயிர்நாடியான வேலை.

யாருக்கு அனுமதி?

37 வாரங்கள் நிறைவடைந்திருக்க வேண்டும். ஒரே குழந்தையாகவும், தலை கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். தாய்க்கும் சேய்க்கும் வேறு சிக்கல் இருக்கக் கூடாது.

இரட்டைக் குழந்தைகள், கால் அல்லது இடுப்பு முதலில் வரும் நிலை, குறைமாதப் பிரசவம், உயர் ரத்த அழுத்தம், ரத்தப்போக்கு, வலிப்பு நோய், காய்ச்சல் ஆகியவை இருந்தால் பொதுவாக அனுமதி இல்லை. முன்பு சிசேரியன் ஆனவர்கள், இன்சுலின் போடுபவர்கள், தொற்று உள்ளவர்கள் விஷயத்தில் மருத்துவரே முடிவு செய்வார். எபிடியூரல் போட்டால் கால்கள் மரத்துப்போகும் என்பதால் தொட்டிக்குள் இறங்க முடியாது. பெத்தடின் போன்ற வலி ஊசி போட்டிருந்தால் குறைந்தது 2 மணி நேரம் காத்திருக்க வேண்டும். மயக்கம் இருந்தால் அதன் பிறகும் கூடாது.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

இங்கிலாந்து நடைமுறையை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். முதல் பிரசவம், 39 வாரம், எந்தச் சிக்கலும் இல்லை. கருப்பைவாய் 5 செ.மீ. திறந்திருக்கிறது, வலி சீராக வருகிறது. தொட்டியில் இறங்க இது சரியான நேரம். வலி பிடிக்கும் முன்பே இறங்கினால் பிரசவம் மந்தமாகக்கூடும்.

தண்ணீரின் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. அதிகமானால் தாயின் உடல் சூடாகும்; அதைத் தணித்துக்கொள்ளக் குழந்தைக்கு வழி இல்லை. அதனால் மணிக்கு ஒருமுறை தண்ணீரையும் தாயின் உடல் வெப்பத்தையும் அளக்கிறார்கள். நீர் புகாத டாப்ளர் கருவியால் 15 நிமிடங்களுக்கு ஒருமுறை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கிறார்கள். முக்கும் கட்டம் வந்ததும் 5 நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்கிறார்கள்.

நிமிடத்துக்கு 140 என்று சீராக இருந்த துடிப்பு, ஒரு வலி முடிந்ததும் 100-க்கு இறங்குகிறது, மெதுவாகத்தான் மேலேறுகிறது. அடுத்த வலியிலும் அப்படியே. மிட்வைஃப் காத்திருப்பதில்லை. தாயை வெளியே வரச் சொல்லி, துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் கருவி உள்ள பிரசவ அறைக்கு மாற்றுகிறார். குழந்தை கட்டிலில் பிறக்கிறது. இதைத் தோல்வி என்று யாரும் எழுதுவதில்லை. அதுவரை தண்ணீர் தந்த ஆறுதல் தாய்க்குக் கிடைத்துவிட்டது.

பனிக்குட நீரில் குழந்தையின் மலம் கலந்து பச்சையாகத் தெரிந்தாலும், ரத்தப்போக்கு ஏற்பட்டாலும், தாய்க்குக் காய்ச்சல் அடித்தாலும், தலை வந்து தோள் சிக்கினாலும் உடனே வெளியேற வேண்டும். தாய் மயங்கினால் தூக்குவதற்கான ஏற்பாடும் தயாராக இருக்க வேண்டும்.

ஆபத்தே இல்லையா?

இங்கிலாந்தின் 'பூல்' ஆய்வு 2024-ல் வெளியானது. பிரசவ வலியின்போது தொட்டியைப் பயன்படுத்திய, சிக்கல் இல்லாத 60,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகள் அதில் ஒப்பிடப்பட்டன. தண்ணீரிலேயே பெற்றவர்களுக்கும், வெளியே வந்து பெற்றவர்களுக்கும் தாய் சேய் பாதுகாப்பில் பாதகமான வேறுபாடு தெரியவில்லை. ஒன்றில் மட்டும் கவனம் தேவை. தண்ணீரில் பிறந்தபோது தொப்புள்கொடி அறுந்தது 1,000-க்கு 10 பேருக்கு; வெளியே பிறந்தபோது 3 பேருக்கு. குழந்தையை மேலே தூக்கும்போது கொடி இழுபடுவதுதான் சிக்கல். அதனால், கொடியின் நீளத்தைக் கவனித்துத் தூக்குகிறார்கள். அறுந்தால் உடனே பிடிக்க கிளாம்ப் கையருகில் இருக்கும்.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு 2016-ல் வெளியிட்ட கருத்தில், வலி நேரத்தில் தண்ணீரில் இருக்கலாம், குழந்தையைத் தண்ணீருக்கு வெளியே பெறுவதே நல்லது என்றது.

சுத்தமும் முக்கியம். 2014-ல் இங்கிலாந்தில், முன்கூட்டியே நிரப்பி, மோட்டாரால் சுழற்றிச் சூடாக வைத்திருந்த வீட்டுத் தொட்டியில் பிறந்த குழந்தைக்கு 'லெஜியோனேர்ஸ்' என்ற நுரையீரல் தொற்று வந்தது. வெதுவெதுப்பாகத் தேங்கும் நீர் அந்தக் கிருமிக்கு ஏற்ற இடம். வலி வந்த பிறகே புதிதாக நீர் நிரப்ப வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

மருத்துவமனையில் கேட்க வேண்டியவை

இந்தியாவில் சில தனியார் மையங்களில் இந்த வசதி உண்டு. பதிவு செய்யும் முன் நான்கு கேள்விகள் போதும். இதயத்துடிப்பை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பீர்கள்? தொட்டியை விட்டு வெளியேற்றும் காரணங்கள் எவை? அவசர சிசேரியன் செய்ய அதே கட்டடத்தில் வசதி உண்டா? இல்லையென்றால் அந்த இடத்துக்குப் போக எத்தனை நிமிடம் ஆகும்? இரண்டாவது கேள்விக்குப் பட்டியலாகப் பதில் வராத இடத்தில், தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் இறங்க வேண்டாம்.