சுவர் கொஞ்சம் விலகினால் மண் என்ன செய்யும்?

பின்பக்கம் உலர்ந்த மணல் நிரப்பிய 4 மீட்டர் உயரத் தாங்குசுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணலின் எடை கன மீட்டருக்கு 1.8 டன், உராய்வுக் கோணம் 30 பாகை. சுவர் துளியும் அசையவில்லை என்றால், ஒரு மீட்டர் நீளச் சுவரை மணல் தள்ளும் விசை சுமார் 7.2 டன். இதுதான் ஓய்வுநிலை அழுத்தம்.

இப்போது சுவர் மணலை விட்டு ஒரு சில மில்லிமீட்டர் விலகட்டும். தள்ளும் விசை 4.8 டன்னாகக் குறைந்துவிடும்! சுவர் விலகியதும் பின்னாலுள்ள மணல் ஓர் ஆப்பு வடிவில் கீழே சரியப் பார்க்கிறது. சரிவைத் தடுக்க மணல்துகள்களின் உராய்வு மேல்நோக்கி இழுக்கிறது. மண் தன் எடையில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்வதால் சுவருக்குப் பாரம் குறைகிறது. இது ஆக்டிவ் நிலை.

சுவரை மணலுக்குள் தள்ளினால் கதை தலைகீழ். ஆப்பு மேலே ஏற வேண்டும். உராய்வு அதைக் கீழே இழுத்துப் பிடிக்கும். ஆக்டிவ் ஆப்பு சுவரிலிருந்து 2.3 மீட்டர் தூரம்தான் நீண்டிருந்தது. இது கிட்டத்தட்ட 7 மீட்டர். அவ்வளவு மண்ணையும் உராய்வையும் மீறித் தள்ள 43 டன் வேண்டும். ஆனால் இந்த பாஸிவ் எதிர்ப்பு முழுதாகக் கிடைக்கச் சுவர் பல சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். எந்தக் கட்டடம் அதைப் பொறுக்கும்? அதனால்தான் சுவரின் அடிப்பாதத்துக்கு முன்னால் இருக்கும் மண்ணை முழுமையாக நம்பக் கூடாது. நாளை யாராவது குழாய் பதிக்க அங்கே பள்ளம் தோண்டினால் அந்த எதிர்ப்பும் போய்விடும்.

தனித்து நிற்கும் தாங்குசுவரின் தலை கொஞ்சம் சாயும். ஆகவே 4.8 டன்னுக்குக் கணக்கிடுவது சரி. பேஸ்மென்ட் சுவர் அப்படியல்ல. அடியில் தளமும் மேலே கூரைத்தளமும் அதைப் பிடித்துக்கொள்வதால் மண்ணை விட்டு விலக வழியில்லை. அங்கே மணல் 7.2 டன்னிலேயே தள்ளிக்கொண்டிருக்கும். அதற்கும் 4.8 டன் என்று கணக்குப் போட்டால் கம்பி ஒன்றரை மடங்கு சுமையைச் சுமக்க நேரிடும். அறையின் உட்பக்கம், சுவரின் நடு உயரத்தை ஒட்டிக் கிடைமட்டமாக ஓடும் விரிசல் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இத்தனையும் உலர்ந்த மணலுக்கான கணக்கு. மழைநீர் வடிய வழியில்லாமல் சுவரின் உச்சிவரை தேங்கினால் அதற்கு உராய்வு கிடையாது. நீர் மட்டுமே 8 டன் தள்ளும். நீருக்குள் எடை குறைந்த மணலின் பங்கையும் சேர்த்தால் ஆக்டிவ் நிலையிலேயே 10 டன்னைத் தாண்டும். தாங்குசுவரில் வரிசையாக விட்டிருக்கும் நீர் வடியும் ஓட்டைகளில் மண் அடைத்து, மேலே புல் முளைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுவது இதனால்தான். முதல் மழைக்கு முன்னால் ஒரு கம்பியால் குத்தி அவற்றைத் திறந்துவிடுங்கள்.