ஆறிப்போன குக்கர் மூடி ஏன் திறக்க மறுக்கிறது?

போடியை அடுத்த பொட்டிபுரத்தில் ஒரு வீடு. இரவு வெந்த பருப்பு குக்கரிலேயே இருக்கிறது. காலையில் கைப்பிடியைத் திருகினால் மூடி அசையவில்லை. உள்ளே ஆவி இல்லை, பாத்திரமும் சில்லென்றிருக்கிறது. பிறகு பிடித்து வைத்திருப்பது எது?

சுடச்சுடக் கழுவிய டம்ளரை ஈர மேடையில் கவிழ்த்துப் பாருங்கள். சற்று நேரத்தில் அது ஒட்டிக்கொள்ளும். குக்கரிலும் அதே கதைதான். கொதிக்கும்போது எழும் ஆவி உள்ளிருந்த காற்றைத் துளை வழியே வெளியே தள்ளிவிடுகிறது. அடுப்பை அணைத்ததும் ஆவி நீராகிறது. நீராகும்போது அதன் இடம் ஆயிரம் மடங்குக்கும் மேல் சுருங்கிவிடும். துளைமேல் வெயிட் உட்கார்ந்திருப்பதால் வெளிக்காற்று நுழைய வழியில்லை.

எனவே வெளிக்காற்று மூடியை அழுத்துகிறது. 20 செ.மீ. அகல மூடியில் உள்ளே பாதிக் காற்றழுத்தம்தான் இருந்தாலும், 150 கிலோவுக்கு மேல் பாரம் ஏற்றியது போல! கையால் எப்படித் திருக முடியும்? மேலே வந்து மூடும் வகையில்தான் இந்தத் தொல்லை அதிகம். உள்ளிருந்து மூடும் வகையில் காற்று மூடியைக் கீழே தள்ளுவதால் பிடி தளர்ந்துவிடும்.

சுத்தியலோ ஸ்க்ரூ டிரைவரோ வேண்டாம். விளிம்பு வளைந்தால் பிறகு ஆவி கசியும். நன்றாக ஆறியபின் வெயிட்டை மெல்லத் தூக்குங்கள். ஆவி வெளியே சீறினால் இன்னும் அழுத்தம் இருக்கிறது, காத்திருங்கள். காற்று உள்ளே இழுக்கப்படும் ஓசை கேட்டால் வெற்றிடம். மூடி உடனே இளகும். எந்த ஓசையும் இல்லையா? துளையில் பருப்பு அடைத்திருக்கலாம். குக்கர் முழுக்கக் குளிர்ந்திருந்தால் மட்டும் மெல்லிய கம்பியால் நீக்குங்கள்; அடைத்த துளையோடு மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள்.