பிள்ளைகள் அனுப்பும் படத்தில் வீட்டு முகவரி

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டில் வளரும் செடியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார் ஓர் ஆசிரியை. வந்த படங்களில் ஒன்றைத் திறந்து மேலே தள்ளியபோது கீழே ஒரு வரைபடம் தெரிந்தது. அந்தப் பிள்ளையின் தெருவும் வீடும் அதில் இருந்தன. அதன் பிறகு அவர் பெற்றோர் அனைவருக்கும் ஒரு கடிதம் எழுதினார். அதில் சொல்லப்பட்டிருப்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

செல்போன் கேமராவில் இருப்பிடம் பதியும் வசதி இயங்கினால், எடுத்த நேரத்தோடு அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் கோப்புக்குள் சேர்ந்துவிடும். அட்சரேகையில் நான்காம் தசம இடத்து எண் ஒன்று மாறினால் தரையில் சுமார் 11 மீட்டர்தான் வித்தியாசம். மொட்டை மாடியில் நின்று எடுத்த படம் வீட்டைக் காட்டிக்கொடுக்க அது போதும்.

"வாட்ஸ்அப்பில்தானே அனுப்பினோம்?" என்று சிலர் கேட்கிறார்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கும்போது இந்த எண்கள் நீங்கிவிடும். படம் தெளிவாக இருக்கட்டும் என்று Document ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும், எண்களும் கூடவே போகும். அந்தப் பிள்ளை செய்தது இதைத்தான். மின்னஞ்சலில் மூலக் கோப்பை இணைத்தாலும் இப்படி நடக்கலாம்.

ஆசிரியை கேட்பது ஒரு சிறிய வேலை. சாம்சங் போனில் கேமரா அமைப்புகளைத் திறந்து Location tags என்பதை அணைத்துவிடுங்கள். ஐபோனில் Settings, Privacy & Security, Location Services, Camera என்று வரிசையாகப் போய் Never என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு வீட்டு வாசலில் ஒரு படம் எடுத்து, Google Photos செயலியில் திறந்து மேலே தள்ளிப் பாருங்கள். வரைபடம் வராவிட்டால் சரி.

ஆனால் இது இனி எடுக்கும் படங்களுக்கு மட்டுமே. பழைய படங்களில் பதிந்தது அப்படியேதான் இருக்கும். அவற்றை அனுப்ப நேர்ந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புங்கள்.

கண்ணுக்குத் தெரிவதை எந்த அமைப்பும் மறைக்காது. செடிக்குப் பின்னால் கதவு எண், கழுத்தில் பள்ளி அடையாள அட்டை, ஜன்னல் வழியே எதிர்க்கடைப் பலகை எல்லாம் படத்தில் விழும். வீட்டில் இயல்பாக இருக்கும் உம்மாவோ அக்காவோ கண்ணாடியில் விழுந்திருப்பதும் உண்டு. அவர்களைக் கேட்காமல் அந்தப் படம் வெளியே போகக் கூடாது. அனுப்பும் முன் ஓரங்களை ஒருமுறை பார்த்து, வேண்டாததை வெட்டிவிடப் பிள்ளைக்குப் பழக்குங்கள்.

ஏற்கெனவே குழுவில் போட்டதை நீக்குமாறும் ஆசிரியை கேட்டிருக்கிறார். Delete for everyone வசதி அனுப்பிய சுமார் இரண்டரை நாள் வரைதான் வேலை செய்யும். அதற்குள் வேறொருவர் தம் போனில் சேமித்துவைத்த பிரதி அங்கேயே தங்கிவிடலாம். ஆகவே குழுவில் இருக்கும் மற்றப் பெற்றோரிடமும், தங்கள் போனில் இருப்பதை அழித்துவிடச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.